மாலூர் பக்கம் 1 ஏக்கர் காய்கறி: சொட்டுநீர் போட்ட காசு திரும்ப வருமா, கணக்கு சரியான்னு பாருங்க

மாலூர்_மச்சான்
எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது ராமமூர்த்தி நகர்ல, வேலை ஐடி. போன வருஷம் மாலூர் தாண்டி ஒரு ஏக்கர் செம்மண் நிலம் குத்தகைக்கு எடுத்து மச்சான் தலைமையில தக்காளி போட்டுட்டு இருக்கோம். குத்தகை மூணு வருஷம், அதுல ஒண்ணு முடிஞ்சிருச்சு, பெரியவர் இன்னும் மூணு வருஷம் தர்றேன்னு வாய்ல சொல்லிருக்காரு. இப்ப வாய்க்கால் பாசனம்தான், மச்சானுக்கு மடை மாத்தி மாத்தி முதுகு போச்சு. டவுன்ல ஒரு கடையில சொட்டுநீருக்கு கொட்டேஷன் வாங்கினேன், மானியம் இல்லாம 78,000. நாலரை அடிக்கு ஒரு லேட்டரல் குழாய், 40 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, மணிக்கு 2 லிட்டர், ரெண்டு வால்வு.

கடைக்காரர் சொன்ன கணக்கு: தண்ணி பாதி மிச்சம், கூலி பாதி மிச்சம், விளைச்சல் 40 பர்சன்ட் ஏறும், ஒரே சீசன்ல காசு வந்துரும். நானும் எக்செல்ல போட்டுப் பார்த்தேன், ஏழு மாசத்துல வந்துருது. ரொம்ப நல்லா இருக்கேன்னுதான் சந்தேகமே வருது. எங்க தப்பு பண்றேன்?

கிருஷ்ணகிரி_காரன்
எதுக்குங்க காசு போட்டு? சிறு குறு விவசாயின்னா நூறு பர்சன்ட் மானியம். எங்கப்பா பேர்ல மூணு ஏக்கருக்கு ஒத்த ரூபா இல்லாம போட்டோம். தாசில்தார் ஆபீஸ்ல சிறு விவசாயி சர்டிபிகேட் வாங்கிட்டு தோட்டக்கலைத் துறைக்குப் போங்க.

மாலூர்_மச்சான்
அண்ணே நிலம் இருக்கிறது கர்நாடகாவுல.

கிருஷ்ணகிரி_காரன்
அட ஆமா, மாலூர்னு போட்டிருக்கீங்க, நான் ஓசூர் பக்கம் ஏதோன்னு நெனச்சுட்டேன். சரி விடுங்க.

செல்வி_ஹோஸ்கோட்டே
கர்நாடகாவுல 90 பர்சன்ட் உண்டு, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும். ஆனா நிலப் பதிவான பஹணி யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல எஃப்ஐடிங்கிற விவசாயி அடையாள நம்பர் இருந்தாத்தான் அப்ளை பண்ண முடியும். உங்க பேர்ல நிலம் இல்ல, பேப்பரும் இருக்காது. இங்க குத்தகைங்கிறதே வாய்ப்பேச்சுதான். 1961 நிலச்சீர்திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் எழுதிக் குடுத்தா உழுறவனுக்கு உரிமை போயிடும்னு பெரியவங்களுக்கு இன்னும் பயம். அதனால மானியம் வேணும்னா பெரியவரேதான் போடணும், சாமானும் அவர் பேர்லதான் இருக்கும். இதை முதல்ல பேசிட்டு அப்புறம் எக்செல் தொறங்க.

கணக்குப்புள்ள
தண்ணி மிச்சத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க? ஒரு டேங்கர் ரேட்டை வெச்சுப் பாருங்க, தினமும் பத்தாயிரம் லிட்டர் மிச்சம்னா மாசத்துக்கே எத்தனை டேங்கர், வருஷத்துக்கு அது மட்டுமே லட்சத்துல வரும். ஏழு மாசம்னு நீங்க சொல்றதே கம்மி, நாலே மாசத்துல வரணும்.

மாலூர்_மச்சான்
கிட்டத்தட்ட அதே மாதிரிதான் போட்டேன், டேங்கர் ரேட்ல பாதி. தண்ணி மிச்சம்தான் என் கணக்குல பெரிய தொகை.

பழைய_பம்ப்செட்
தம்பி, தப்பு அங்கதான் இருக்கு.

நான் இருபது வருஷம் பாசன கம்பெனிகளுக்கு டிசைன் போட்டவன், இப்ப பனசங்கரில ரிட்டயர்டா உக்காந்திருக்கேன். உங்க போர்வெல் தண்ணிக்கு நீங்க யாருக்காவது காசு குடுக்கிறீங்களா? இல்ல. கரண்ட்டு? பத்து ஹெச்பி வரைக்கும் விவசாய மோட்டாருக்கு கர்நாடகாவுல பில்லே கிடையாது. அப்ப பத்தாயிரம் லிட்டர் மிச்சமானா உங்க பாக்கெட்டுக்கு எவ்வளவு வரும்? சைபர். டேங்கர் வாங்கி ஊத்துறவனுக்கு மட்டும்தான் டேங்கர் ரேட். கணக்குப்புள்ள சொன்னது டேங்கர்ல தண்ணி வாங்குற நர்சரிக்காரனுக்கு சரி, உங்களுக்குப் பொருந்தாது.

தண்ணி மிச்சம் காசா மாற ஒரே வழிதான் இருக்கு. தண்ணி பத்தாம எவ்வளவு நிலம் சும்மா கெடக்குதோ, அந்த நிலத்துல மிச்ச தண்ணியை விட்டு ஏதாவது வெளைய வைக்கணும். அதனால ரெண்டு கேள்வி. கோடையில முழு ஏக்கரும் போட்டீங்களா? போர்வெல் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் குடுக்குது? இஞ்சுக் கணக்கு வேண்டாம், 200 லிட்டர் டிரம்மை வெச்சு எத்தனை நிமிஷத்துல நெறையுதுன்னு சொல்லுங்க.

மாலூர்_மச்சான்
கோடையில அரை ஏக்கர்தான் சார், மச்சான் தண்ணி பத்தாதுன்னுட்டான். மழைக்காலத்துல முழுசும். மோட்டார் ஏழரை ஹெச்பி, த்ரீ ஃபேஸ் வர்ற நேரத்துல ஆறு மணி நேரம் ஓடும். இப்பவே மச்சானுக்கு போன் போட்டு டிரம் வெக்கச் சொன்னேன், நாலு நிமிஷமாம்.

பழைய_பம்ப்செட்
நாலு நிமிஷம்னா நிமிஷத்துக்கு 50 லிட்டர், மணிக்கு 3,000. ஆறு மணி நேரத்துக்கு 18,000 லிட்டர்.

இப்ப பயிர் பக்கம் வாங்க. கொடி மூடின தக்காளிக்கு ஏப்ரல்ல நம்ம ஊர் வெயிலுக்கு தினம் நாலு மில்லிமீட்டர்னு வெச்சுக்கலாம். ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர்னா 4,000 லிட்டர் சொச்சம், அப்ப 16,000 லிட்டர் செடிக்குப் போய்ச் சேரணும். வாய்க்கால்ல விட்டா செம்மண்ணுல பத்துக்கு ஆறு சேர்ந்தா பெருசு, மீதி வாய்க்கால்லயே இறங்கிடும். சொட்டுநீர் ஒழுங்கா இருந்தா பத்துக்கு ஒம்பது. 18,000ல ஆறு பங்குன்னா 10,800, அதுல முக்கா ஏக்கர் கூட நனையாது. ஒம்பது பங்குன்னா 16,200, ஒரு ஏக்கருக்கு சரியா இருக்கு. அதாவது காகிதத்துல உங்களுக்கு கோடையில அரை ஏக்கர் கூடுதலா கெடைக்குது. தண்ணி மிச்சத்தோட விலைன்னா அந்த அரை ஏக்கர் லாபம்தான்.

அப்புறம் அந்த கொட்டேஷன். நாலரை அடிக்கு லேட்டரல்னா ஏக்கருக்கு சுமார் 2,950 மீட்டர், 40 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னா 7,400 துளை. மணிக்கு 2 லிட்டர்னா மொத்தம் 14,800. ரெண்டு வால்வுன்னா ஒரு வால்வைத் தொறந்தா 7,400 லிட்டர் கேக்கும், உங்க மோட்டார் குடுக்கிறது 3,000. பிரஷரே ஏறாது. கிட்ட இருக்கிற செடி குளிக்கும், கடைசிச் செடி காயும். கடைக்காரர் மூணு இஞ்சு தண்ணி இருக்கிறவனுக்குப் போடுற டிசைனை அப்படியே உங்ககிட்ட குடுத்திருக்காரு.

மாலூர்_மச்சான்
ஐயோ. டிரம் பத்தி அவர் கேக்கவே இல்ல சார், எத்தனை ஏக்கர்னு மட்டும்தான் கேட்டாரு.

வைட்ஃபீல்ட்_மாடி
நல்ல டிஸ்கஷன். எங்க மாடியில 40 தொட்டி இருக்கு, தக்காளி கத்திரி வெண்டை எல்லாம். ஆன்லைன்ல ஒரு டிரிப் கிட் 1,500 ரூபா போட்டிருக்கான், டைமரோட. வாங்கலாமா? தண்ணி பில் குறையுமா?

செல்வி_ஹோஸ்கோட்டே
மாடி அண்ணா, ஊருக்குப் போறப்ப செடி காயாம இருக்கும், அதுக்காக வாங்குங்க. பில்லுல ஒண்ணும் தெரியாது. மாடி டேங்க்ல இருந்து இறங்குற தண்ணிக்கு பிரஷர் இருக்கான்னு பாத்துக்கோங்க.

கணக்குப்புள்ள
சரி, டேங்கர் விஷயத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா விளைச்சலை விட்டுட்டீங்களே, 40 பர்சன்ட்ங்கிறது கடைக்காரன் மட்டும் சொல்றது இல்ல, எல்லா இடத்துலயும் அப்படித்தான் போடுறாங்க.

செல்வி_ஹோஸ்கோட்டே
எங்க தோட்டத்துல ஆறு வருஷமா ஓடுது. பெட்டி எண்ணிக்கை அவ்வளவெல்லாம் ஏறல. மழைக்காலப் பயிருக்கு வித்தியாசமே இல்லன்னு சொல்லலாம், மேல இருந்து ஊத்துறப்ப கீழ சொட்டினா என்ன சொட்டாட்டி என்ன. கோடையிலதான் தெரியும், அதுவும் எடையில விட ரகத்துல. வாய்க்கால்ல நாலு நாளைக்கு ஒரு தடவை விட்டா மண்ணு காயுது, திடீர்னு நனையுது, அந்த ஏத்த இறக்கத்துல காய் வெடிக்கும், அடிப்பக்கம் கறுத்துப் போகும். தினமும் கொஞ்சமா குடுத்தா அது குறையும். கோலார் மண்டியில முதல் ரகம்னு ஏலத்துக்குப் போற பெட்டி அதிகமாச்சு, அதான் எங்களுக்கு லாபம்.

இன்னொண்ணு, ஏறுற ஒவ்வொரு பெட்டிக்கும் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் இருக்கு. பெட்டி 200னு வித்தா 200ம் உங்களுக்கு வராது.

பழைய_பம்ப்செட்
செல்விம்மா சொல்றது சரி. தம்பி, போன வருஷ நம்பர் குடுங்க: எத்தனை பெட்டி, பெட்டிக்கு செலவு, தண்ணி பாய்ச்ச யாருக்கு எவ்வளவு கூலி.

மாலூர்_மச்சான்
மழைக்காலத்துல ஏக்கருக்கு 900 பெட்டி, 15 கிலோ பெட்டி. கோடையில அரை ஏக்கர்ல 440. பெட்டிக்கு பறிப்பு, வண்டி, கமிஷன் எல்லாம் சேத்து சுமார் 60. நாத்து, குச்சி, கயிறு, மருந்து, உரம், உழவுன்னு அரை ஏக்கருக்கு 65,000 ஆச்சு. தண்ணி பாய்ச்ச ஒருத்தர் அரை நாள் வருவாரு, 300 ரூபா, வருஷத்துல ஒரு 40 தடவை. களை எடுக்க ஒரு பயிருக்கு மூணு சுத்து, சுத்துக்கு எட்டு பொம்பளைங்க, ஆளுக்கு 400. சராசரியா பெட்டி 200க்குப் போச்சு. 2023 ஜூலையில 2,000 தாண்டின கதையெல்லாம் எங்களுக்கு முந்தி.

பழைய_பம்ப்செட்
இப்ப போடுவோம்.

கூலி. பாய்ச்சுறவர் தினக்கூலிங்கிறதால 40 தடவை 300ன்னு 12,000 நெஜமாவே மிச்சம். இதே ஆள் மாசச் சம்பளத்துல இருந்திருந்தா ஒரு பைசா மிச்சமில்ல, அவர் வேற வேலை பாப்பாரு, அவ்வளவுதான். நெறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. உங்க மச்சான் முதுகுக்கு நான் விலை போடல, அது உங்க குடும்ப விஷயம். களையில நடுப்பாதை காஞ்சு கெடக்கிறதால ஒரு சுத்து குறையும், ரெண்டு பயிருக்கு ரெண்டு சுத்துன்னா 6,400. செடி ஓரமா மொளைக்கிறது அப்படியே மொளைக்கும், அதுக்கு மல்ச்சிங் ஷீட் போட்டாத்தான் விடிவு, அது தனிச் செலவு.

விளைச்சல். வருஷத்துக்கு 100 பெட்டி கூடும்னு வெக்கிறேன், கைக்கு வர்றது பெட்டிக்கு 140, ஆக 14,000.

இப்ப கழிக்கணும். குழாய்ல உரம் விட ஆரம்பிச்சா தண்ணியில முழுசா கரையிற உரம் வாங்கணும், அதுக்கு மானியம் இல்ல, யூரியா மாதிரி மூட்டை முன்னூத்துக்குள்ள கெடைக்காது. யூரியாவும் வெள்ளைப் பொட்டாஷும் குழாய்லயே விட்டு, மணிச்சத்தை அடியுரமா போட்டுட்டா கொஞ்சம் சமாளிக்கலாம். வருஷத்துக்கு 6,000 கூடுதல்னு வெச்சுக்கோங்க. ஜாயின்ட், எண்ட் கேப், எலி கடிச்ச லேட்டரல், ஆசிட்டுன்னு 4,000.

12,000, 6,400, 14,000 கூட்டி 10,000 கழிச்சா 22,400. போட்டது 78,000. மூணரை வருஷம். உங்க கையில ரெண்டு வருஷ குத்தகைதான் இருக்கு.

மாலூர்_மச்சான்
ஏழு மாசம் எங்க, மூணரை வருஷம் எங்க. அந்த கூடுதல் அரை ஏக்கர் இதுல இல்லையே சார்?

பழைய_பம்ப்செட்
அதை வேணும்னேதான் தனியா வெச்சேன், அது தண்ணிக் கணக்கு கிடையாது, விலைக் கணக்கு. அரை ஏக்கர்ல 450 பெட்டி, பெட்டி 200ன்னா கைக்கு 140, மொத்தம் 63,000. செலவு 65,000. ரெண்டாயிரம் நஷ்டம். அதே பெட்டி 300 போனா 43,000 லாபம், வருஷ மிச்சம் 65,000 ஆயிடும், பதினாலு பதினஞ்சு மாசத்துல குழாய் காசு வந்துரும். 120க்கு விழுந்தா அரை ஏக்கருக்கே 38,000 போகும், குழாய் மேல பழி போட முடியாது. கோடையில விலை ஏறும்னு நம்பிக்கை இருந்தா போடலாம், இல்ல அந்தப் பங்குல பீன்ஸோ கொத்தமல்லியோ போட்டு ரிஸ்க்கைப் பிரிக்கலாம்.

கிருஷ்ணகிரி_காரன்
எல்லாரும் குழாய் பத்து வருஷம் ஓடும்னு நெனச்சுப் பேசுறீங்க. எங்க கதை கேளுங்க. சும்மா கெடைச்சதுதானேன்னு எங்கப்பா டிஏபியை வாளியில ஊற வெச்சு அப்படியே குழாய்ல விட்டாரு. எங்க தண்ணி வேற உப்பு, பாத்திரத்துல வெள்ளை வெள்ளையா படியும். ரெண்டாவது வருஷமே கடைசி பத்து வரிசை வாடுது, நாங்க நோய்னு நெனச்சு மருந்து அடிச்சோம், ரெண்டு தடவை. அப்புறம் ஒருத்தர் சொல்லி டம்ளர் வெச்சுப் பிடிச்சேன், அஞ்சு நிமிஷத்துக்கு 165 மில்லி வரணும், முன்னாடி 160 வருது, கடைசியில 70. லேட்டரலை வெட்டிப் பார்த்தா துளைக்குள்ள சுண்ணாம்பு மாதிரி கல்லு. மூணாவது வருஷம் லேட்டரல் முழுக்க கைக்காசுல மாத்தினோம். சும்மா வந்தது அப்படித்தான் போச்சு.

பழைய_பம்ப்செட்
இந்த டம்ளர் டெஸ்டை எல்லாரும் பண்ணணும். நாலு லேட்டரல், ஒவ்வொண்ணுலயும் தலை, நடு, வால்னு பிடிங்க. இருக்கிறதுல கம்மியா வர்ற கால்வாசி துளையோட சராசரி, மொத்த சராசரியில முக்காவாசிக்குக் கீழ போச்சுன்னா அடைப்பு ஆரம்பம். அது பயிர்ல தெரியறதுக்குள்ள ஒரு மாசம் போயிருக்கும். உப்புத் தண்ணிக்கு சீசனுக்கு ஒரு தடவை ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, எண்ட் கேப் கழட்டி வெளிய அடிச்சு விடணும். ஆசிட்டைத் தண்ணியில ஊத்துங்க, தண்ணியை ஆசிட்ல ஊத்தாதீங்க, கையில கிளவுஸ் போடுங்க. ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு பிரஷர் மீட்டர் வெச்சா வித்தியாசம் அரை கிலோ போனதும் கழுவணும்னு தெரிஞ்சிடும். கொட்டேஷன்ல அந்த மீட்டர் இருக்கான்னு பாருங்க, பாதி கடையில விட்டுருவாங்க.

மாலூர்_மச்சான்
(ஞாயித்துக்கிழமை ராத்திரி) நேத்து நானே போய் டிரம் வெச்சேன். காலையில மோட்டார் போட்ட உடனே நாலு நிமிஷம் பத்து செகண்டு, மச்சான் சொன்னது சரிதான். இருக்கட்டும்னு மூணு மணி நேரம் ஓட விட்டு திரும்ப வெச்சேன், அஞ்சரை நிமிஷம். அதுக்கப்புறம் அதே அஞ்சரைதான், மாறல. டம்ளரோட போய் டிரம் பக்கத்துல உக்காந்திருந்ததைப் பார்த்து பெரியவர் சிரிச்சுட்டுப் போனாரு.

பழைய_பம்ப்செட்
சபாஷ், இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். முதல் டிரம் பழைய போர்ல எப்பவும் பொய் சொல்லும், ராத்திரி ஊறி நின்ன தண்ணி அது. அஞ்சரை நிமிஷம்னா நிமிஷத்துக்கு 36 லிட்டர். முதல் மூணு மணி நேரம் 48ல இருந்து 36க்கு இறங்குறதால சராசரி 42னு வெச்சா, ஆறு மணி நேரத்துக்கு 18,000 இல்ல, 14,000 சொச்சம். வாய்க்கால்ல அது 8,400, ஒரு ஏக்கருக்குத் தேவை 16,000, பாருங்க சரியா அரை ஏக்கர் கொஞ்சம் மேல. உங்க மச்சான் எக்செல் இல்லாமலேயே கண்டுபிடிச்சுட்டான்! சொட்டுநீர்ல 12,600, அதாவது ஏக்கர்ல பத்துக்கு எட்டு பங்கு. கூடுதல் அரை ஏக்கர்ங்கிறது கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலன்னு சுருங்கிடுச்சு, பெட்டி 300 போனாலும் லாபம் 43,000க்கு பதிலா இருபத்தஞ்சாயிரம் வாக்குல.

டிசைனும் 36 லிட்டருக்குத்தான் போடணும். ஒரு வால்வுக்கு 1,080 துளைக்கு மேல போகக் கூடாது. எட்டு பங்கு நிலத்துக்கு ஆறு வால்வு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். மழைக்காலத்துல மீதி ரெண்டு பங்குக்கு வாய்க்காலே போதும், அங்க குழாய் எதுக்கு.

கணக்குப்புள்ள
ஒரு தொட்டி கட்டி ராத்திரி கரண்ட்டுல நெரப்பிக்கலாமே? அப்ப ரெண்டு வால்வு போதும்.

பழைய_பம்ப்செட்
தொட்டி கட்டினா தொறந்து விட இன்னொரு மோட்டார் வேணும், குத்தகை நிலத்துல சிமென்ட் கட்டினா பெரியவருக்குத்தான் சொத்து. ராத்திரியும் ஓட்டினா இந்த போர் தாங்குமான்னு எனக்குத் தோணல, தண்ணியை மேல ஏற விடாம இழுத்தா மணல் வரும், அதோட ஃபில்டர் கதை முடிஞ்சது. ஆனா முழுசா மறுக்கவும் மாட்டேன், ஒரு வாரம் ரெண்டு ஷிஃப்ட் ஓட்டி டிரம் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

செல்வி_ஹோஸ்கோட்டே
ஏப்ரல்ல இன்னும் இறங்கும் தம்பி. எட்டு பங்கையும் நட்டுட்டு மே மாசம் டிரம் ஏழு நிமிஷம் ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க? வாய்க்கால் இருந்தப்ப அரை ஏக்கரை வெறுமனே விட்டதால ஒரு தெம்பு இருந்துச்சு. நாங்க ஒரு வருஷம் முழுசா நட்டு பூ எடுக்கிற நேரத்துல பாதியை விட்டோம். ஆறு பங்கோட நிறுத்துங்க முதல் வருஷம்.

மாலூர்_மச்சான்
கடையில திரும்பப் போய் ஆறு வால்வு, 0.8 ஏக்கர், ரெண்டு பிரஷர் மீட்டர்னு கேட்டேன், 71,000 சொல்றாரு. அதுல லேட்டரல் மட்டும் 30,000, சுருட்டி எடுத்துட்டுப் போகலாம், ஃபில்டரும் கழட்டலாம், மண்ணுக்குள்ள போற பிவிசிதான் போகும்.

பெரியவர்கிட்டயும் பேசினேன். அவர் பேர்ல மானியம் போட சம்மதம், எஃப்ஐடி நம்பர் ஏற்கெனவே இருக்காம். ஆனா குழாய் அவருது, நான் போறப்ப தொடக் கூடாது, அவர் பங்கு பணத்தை நான் கட்டணும், கூட அடுத்த ரெண்டு வருஷ குத்தகையில ஒண்ணை இப்பவே முன்பணமா வெக்கணும்னாரு. குத்தகை வருஷத்துக்கு 25,000.

கணக்குப்புள்ள
பத்து பர்சன்ட்னா 7,000 சொச்சம், ஜிஎஸ்டி அது இதுன்னு 12,000 வெச்சாலும் வருஷ மிச்சம் 22,000க்கு ஆறேழு மாசத்துல வந்துரும். உங்க பழைய எக்செல் பதிலே வந்துடுச்சு பாருங்க!

பழைய_பம்ப்செட்
அந்த 22,000 முழு ஏக்கருக்குப் போட்டது, எட்டு பங்குக்கு 18,000னு வெச்சுக்கோங்க. அப்பவும் எட்டு மாசம்தான், மானியத்துல போடுறது நல்லதுதான். ஒரே விஷயம், மானியத்துல வர்ற டிசைன்ல ஆறு வால்வு எழுத வைங்க, மாதிரி டிசைன்னு சொல்லி ரெண்டோட முடிக்கப் பாப்பாங்க. கூடுதல் நாலு வால்வை கைக்காசுல வாங்கினாலும் பரவால்ல. முன்பணம் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பெரியவரை உங்களுக்குத்தான் தெரியும்.

செல்வி_ஹோஸ்கோட்டே
மானியம் சாங்ஷன் ஆகி சாமான் வர்றதுக்குள்ள கோடை நடவு தாண்டிடலாம், எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. அந்த சீசனுக்கு வாய்க்கால்ல அரை ஏக்கர்தான்னு இப்பவே மச்சான்கிட்ட சொல்லி வைங்க, நாத்து ஆர்டர் அதுக்கேத்த மாதிரி குடுங்க.

மாலூர்_மச்சான்
நாத்து ஆர்டர் ஏற்கெனவே முழு ஏக்கருக்குக் குடுத்துட்டான்க்கா. நாளைக்கு நர்சரிக்கு போன் போடணும்.